‘எங்கள் கருத்தில் மாற்றமில்லை’ என்று முடியும் இரண்டு பத்திகள்

சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் இடங்களில் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனியின் தணிக்கை அறிக்கை மேசைக்கு வந்ததும், ‘குவாலிஃபைடு’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். ஆடிட்டர் ஏதோ ஒரு கணக்கை ஏற்க மறுத்திருக்கிறார் என்பதற்கு அடையாளம் அந்தச் சொல். அது இல்லையென்றால் ‘கிளீன் ரிப்போர்ட்’ என்று கோப்பில் எழுதிவிட்டு லாப நட்டக் கணக்குக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்தச் சொல் இல்லாத அறிக்கையிலும் இரண்டு வகைப் பத்திகள் வரலாம். ஒன்றின் தலைப்பு ‘மெட்டீரியல் அன்சர்ட்டன்ட்டி ரிலேட்டட் டு கோயிங் கன்சர்ன்’. நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய ஐயம் இருக்கிறது என்று பொருள். இன்னொன்றின் தலைப்பு ‘எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்’. கணக்கைப் படிப்பவர் ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது என்று ஆடிட்டர் கைகாட்டுவது அது. இரண்டும் இன்ன எண் குறிப்பைப் பாருங்கள் என்று தொடங்கும். இரண்டும் ‘இந்த விஷயத்தில் எங்கள் கருத்தில் மாற்றமில்லை’ என்று முடியும்.

முடிவு ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறவர்கள் அதிகம். சிலர் இரண்டையும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகிறார்கள். சிலர் எந்தப் பத்தியைக் கண்டாலும் கடன் இல்லை என்று கோப்பை மூடுகிறார்கள். முதல் வகையினர் பணத்தை இழக்கிறார்கள், இரண்டாம் வகையினர் நல்ல வாடிக்கையாளரை இழக்கிறார்கள்.

‘தொடர்ந்து நடக்கும்’ என்ற அனுமானம்

இந்தியாவில் கம்பெனிக் கணக்குகள் பொதுவாக ஓர் அனுமானத்தின் மேல் எழுதப்படுகின்றன: நிறுவனம் கண்ணுக்கெட்டிய காலம் வரை நடக்கும், அதை மூடும் எண்ணமோ கட்டாயமோ இல்லை. அதனால்தான் 2 கோடி ரூபாய்க்கு வாங்கிய எந்திரத்தை ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து 1 கோடியே 40 லட்சம் என்று காட்ட முடிகிறது. நாளைக்கே ஆலையை மூடினால் அது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். பாதி முடிந்த சரக்குக்கு விலையே இருக்காது. ஆக, கடன் கொடுப்பவர் பேலன்ஸ் ஷீட்டில் பார்க்கும் ஒவ்வொரு சொத்து மதிப்பும் இந்த அனுமானத்தை நம்பி நிற்கிறது.

இந்த அனுமானம் சரியா என்று முதலில் ஆராய்ந்து பார்க்க வேண்டியவர்கள் இயக்குநர்கள். அவர்களின் ஆய்வைச் சோதிப்பது ஆடிட்டர் வேலை. ஐசிஏஐ வகுத்த எஸ்.ஏ. 570 என்ற தணிக்கைத் தரநிலை இதற்கு வழி சொல்கிறது. அனுமானம் சரி, பெரிய ஐயமும் இல்லை என்றால் தனிப் பத்தி வராது. அனுமானம் சரிதான், ஆனால் பெரிய ஐயம் இருக்கிறது, அதைக் கம்பெனியே தன் குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது என்றால், கருத்தை மாற்றாமல் தனித் தலைப்பில் அந்தப் பத்தி வரும். கம்பெனி ஐயத்தை மறைத்தால் கருத்தே மாறும். குவாலிஃபைடு அல்லது அதைவிடக் கடுமையான எதிர்க் கருத்து. நிறுவனம் நடக்காது என்பது தெளிவாகியும் நடக்கும் என்றே கணக்கு எழுதியிருந்தால் எதிர்க் கருத்துதான் வழி.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கருத்து மாறவில்லை என்பதற்கு நிறுவனம் பத்திரமாக இருக்கிறது என்று பொருளல்ல. தன் ஆபத்தைக் கம்பெனி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது என்பது மட்டுமே பொருள்.

எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் எஸ்.ஏ. 706இல் வருவது. பெரிய வழக்கு, தீ விபத்து, ஆண்டு முடிந்த பிறகு நடந்த முக்கியமான நிகழ்வு போன்றவற்றைக் கம்பெனி சரியாகவே குறிப்பில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்று ஆடிட்டர் நினைத்தால் இந்தப் பத்தியைப் போடுவார். அதனால் நிறுவனம் விழும் என்று அவர் சொல்லவில்லை. முன்பெல்லாம் இயங்குநிலை ஐயத்தையும் இதே தலைப்பின் கீழ்தான் எழுதினார்கள். தரநிலை திருத்தப்பட்ட பிறகு அதற்குத் தனித் தலைப்பு வந்துவிட்டது. இன்றும் சில சிறிய கம்பெனிகளின் அறிக்கையில் பழைய வழக்கம் தொடர்கிறது. தலைப்பு எதுவானாலும், உள்ளே தொடர்ந்து இயங்குவது பற்றிய ஐயம் எழுதப்பட்டிருந்தால் அதை முதல் வகையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வார்ப்பட ஆலையின் மூன்று தூண்கள்

கோவையில் பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். புதிய எந்திரம் வாங்க 80 லட்சம் ரூபாயை 5 ஆண்டுக் கடனாகக் கேட்கிறது. 2025 மார்ச் 31 வரைக்கான கணக்கில் ஆடிட்டர் செப்டம்பர் 20 அன்று கையெழுத்திட்டிருக்கிறார். கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இயங்குநிலைப் பத்தி இருக்கிறது. 31ஆம் குறிப்பைப் பாருங்கள் என்கிறது.

குறிப்பில் இருப்பது இது: தேய்மானம் சேர்க்காமலே ஆண்டு நட்டம் 1 கோடியே 40 லட்சம். நிகர மதிப்பு 35 லட்சமாகக் கரைந்துவிட்டது. ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது 7 கோடியே 30 லட்சம். ஓராண்டுக்குள் பணமாகக்கூடியது 5 கோடியே 20 லட்சம். பள்ளம் 2 கோடியே 10 லட்சம். இருந்தாலும் தொடர்ந்து நடத்த முடியும் என்று இயக்குநர்கள் நம்புகிறார்கள். காரணம் மூன்று. டிசம்பரில் வங்கி 3 கோடியே 50 லட்சம் கேஷ் கிரெடிட்டைப் புதுப்பிக்கும். நிர்வாக இயக்குநர் 1 கோடி கொண்டுவருவார். புதிய எந்திரம் வந்ததும் ஆர்டர் கூடும். எந்திரக் கடனுக்கான பேச்சு ‘ஒரு நிதி நிறுவனத்துடன் இறுதிக் கட்டத்தில்’ இருக்கிறது.

அந்த நிதி நிறுவனம் வேறு யாருமல்ல, இந்த அறிக்கையைப் படித்துக்கொண்டிருப்பவர்தான். ஆலை நடக்கும் என்ற நம்பிக்கையின் மூன்றாவது தூண் அவர் இன்னும் கொடுக்காத கடன். ஆடிட்டர் கருத்தை மாற்றவில்லை என்று அவர் நம்பிக் கடன் கொடுத்தால், இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்பதாக ஆகிவிடும். எனவே தன் கடனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மற்ற இரண்டு தூண்களை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் தூண் வங்கி. கட்ட வேண்டிய 7 கோடியே 30 லட்சத்தில் 3 கோடியே 50 லட்சம் இந்தக் கேஷ் கிரெடிட்தான். அது புதுப்பிக்கப்பட்டால் யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. பள்ளம் காகிதத்தில் மூடிவிடும். ஆனால் வங்கி வரம்பை மட்டும் பார்க்காது, டிராயிங் பவரையும் பார்க்கும். சரக்கு 2 கோடியே 40 லட்சம்; அதில் சப்ளையர்களுக்குத் தரவேண்டிய 1 கோடியே 90 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 50 லட்சம். வரவேண்டிய பாக்கி 2 கோடியே 70 லட்சம். அதில் 90 லட்சம் மூன்று மாதத்துக்கு மேல் பழையது, வங்கி அதை ஏற்காது என்று வைத்தால் 1 கோடியே 80 லட்சம். இரண்டும் சேர்ந்து 2 கோடியே 30 லட்சம். கால் பங்கு மார்ஜின் போனால் சுமார் 1 கோடியே 72 லட்சம்தான் எடுக்கலாம். ஆலையோ முழு 3 கோடியே 50 லட்சத்தையும் எடுத்துவிட்டது. ஆகவே வங்கி புதுப்பித்தாலும், மிகையாக நிற்கும் 1 கோடியே 78 லட்சத்தைக் கட்டச் சொல்லலாம், அல்லது தவணைக் கடனாக மாற்றலாம். குறிப்பில் ஒரே வரியில் இருந்த ‘புதுப்பிக்கும்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் தூண் இயக்குநரின் பணம். ஆண்டு நட்டத்தை மாதமாகப் பிரித்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். 1 கோடி முழுதாக வந்தாலும் எட்டரை மாதம்தான் தாங்கும். அறிக்கை வந்தது செப்டம்பர் இறுதியில். ஏப்ரல் முதலான வங்கிக் கணக்குப் பட்டியலைக் கேட்டாலே எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். 30 லட்சம்தான் வந்திருக்கிறது என்றால் அது இரண்டரை மாத நட்டம். வந்த பணம் கடனாக வந்ததா பங்கு மூலதனமாக வந்ததா என்பதும் முக்கியம். கடனாக வந்தது எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். நம் கடன் முடியும்வரை எடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினால்தான் அதைத் தூணாக எண்ணலாம்.

மூன்றாவது ஆர்டர். இதைச் சோதிக்க ஜிஎஸ்டி ரிட்டர்ன் போதும். சென்ற ஆண்டு மாத விற்பனை சராசரி 1 கோடியே 10 லட்சம் என்று வைப்போம். 100 ரூபாய் விற்றால் உலோகம், மின்சாரம் முதலியவற்றுக்கு 65 ரூபாய் போகிறது, 35 மிஞ்சுகிறது. மாதம் 12 லட்சம் நட்டத்தை நிறுத்த வேண்டுமானால் விற்பனை மாதம் 35 லட்சம் கூட வேண்டும், அதாவது 1 கோடியே 45 லட்சமாக வேண்டும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான ரிட்டர்ன்களில் பழைய எந்திரத்தைக் கொண்டே அந்த எண்ணை நெருங்கியிருந்தால் கதை வேறு. அதே 1 கோடியே 10 லட்சம்தான் என்றால், எந்திரம் வந்தால் ஆர்டர் வரும் என்ற பேச்சுக்கு வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டரைத் தவிர வேறு சான்று இல்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் மறுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வரிசையை மாற்றலாம். வங்கியின் புதுப்பிப்புக் கடிதம் முதலில், இயக்குநரின் மீதிப் பணம் அடுத்து, நம் பணம் கடைசியில். அதுவும் எந்திரம் விற்பவருக்கு நேராகப் போக வேண்டும். ஆலையின் கேஷ் கிரெடிட் கணக்கில் போட்டால் மிகையாக எடுத்ததை ஈடுகட்டவே அது போய்விடும், எந்திரம் வராது.

ஜிஎஸ்டி வழக்கும் 27ஆம் குறிப்பும்

இப்போது இரண்டாம் வகை. பேக்கேஜிங் பொருள் செய்யும் இன்னொரு கற்பனைக் கம்பெனி. நிகர மதிப்பு 4 கோடிக்கு மேல், ஆண்டுக்கு 95 லட்சம் ரொக்க லாபம். அறிக்கையில் எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் பத்தி 27ஆம் குறிப்பைக் காட்டுகிறது: 2021-22க்கு 85 லட்சம் ஜிஎஸ்டி கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, மேல்முறையீடு நிலுவையில் உள்ளது, கணக்கில் ஒதுக்கீடு செய்யவில்லை.

இங்கே நிறுவனம் நடக்குமா என்பது கேள்வியல்ல. வழக்கில் தோற்றால் தாங்குமா என்பதே கேள்வி. குறிப்பில் இருப்பது வரி மட்டும். மூன்றரை ஆண்டுக்கு 18 சதவீத வட்டி போட்டால் சுமார் 53 லட்சம் சேரும். அபராதம் எவ்வளவு என்பது உத்தரவு எந்தப் பிரிவில் வந்தது என்பதைப் பொறுத்தது. அந்த ஆண்டுக்கு 73ஆம் பிரிவு என்றால் வரியில் 10 சதவீதம். மொத்தம் ஒன்றரைக் கோடிக்குள் நிற்கும், அதாவது ஒன்றரை ஆண்டு ரொக்க லாபம். 74ஆம் பிரிவு, அதாவது மோசடி அல்லது வேண்டுமென்றே மறைத்தது என்ற குற்றச்சாட்டு என்றால், வரிக்குச் சமமான அபராதம் வரலாம். மொத்தம் 2 கோடியே 20 லட்சத்தைத் தாண்டும். பணத்தைவிட, அந்தக் குற்றச்சாட்டு கடன் வாங்குபவரின் நாணயத்தைப் பற்றியது என்பதும் கவனிக்க வேண்டியது.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே தாள்கள்: உத்தரவின் நகல், மேல்முறையீட்டுக்காக வரியில் 10 சதவீதம் முன்பணம் கட்டிய ரசீது. அதைக் கட்டியிருந்தால்தான் மீதியை வசூலிப்பது நிறுத்தி வைக்கப்படும். 73ஆம் பிரிவு, முன்பணமும் கட்டியாயிற்று என்றால் இந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாம். தவணை கட்டிய பிறகும் வழக்குக்கென ஆண்டுதோறும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்த்துக் கடன் தொகையை முடிவு செய்தால் போதும். பத்தியைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பியிருந்தால் அது வீண் பயம்.

தப்பான இடத்தில் ஒளிந்தவை

எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் என்ற தலைப்பின் கீழ் அடிக்கடி காணும் ஒரு வரி: ‘வரவேண்டிய, தரவேண்டிய பாக்கிகள் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டவை.’ சாதுவாகத் தோன்றும். ஆனால் பாக்கிதாரர்களிடமிருந்து உறுதிக் கடிதம் வரவில்லை, வேறு சான்றும் கிடைக்கவில்லை என்பதே இதன் உட்பொருளாக இருந்தால், இந்த இடம் தவறு. ஆடிட்டருக்குப் போதிய சான்று கிடைத்த விஷயத்தைத்தான் இந்தத் தலைப்பில் எழுத வேண்டும். சான்று இல்லாததைக் கருத்தில்தான் சொல்ல வேண்டும். அதாவது அறிக்கை குவாலிஃபைடு ஆக வேண்டும். கட்சிக்காரரைச் சங்கடப்படுத்தாமல் தானும் தப்பித்துக்கொள்ள எழுதிய வரியாக அது இருக்கலாம். இதைக் கண்டால் பாக்கிதாரர் பட்டியலை வயதுவாரியாகக் கேட்டு, பெரிய பெயர்கள் சிலவற்றுக்கு ஆண்டு முடிந்த பிறகு பணம் வந்ததா என்று வங்கிப் பட்டியலில் பார்ப்பதே வழி.

அறிக்கையோடு இணைப்பாக வரும் காரோ 2020 படிவத்தையும் தாண்டிவிடக் கூடாது. அதன் 19ஆம் கூறில், ஓராண்டுக்குள் வரும் கடன்களைக் கம்பெனி கட்ட முடியும் என்பதில் பெரிய ஐயம் உண்டா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். 17ஆம் கூறு ரொக்க நட்டம் பற்றியது. 9ஆம் கூறு கடன் தவறியது பற்றியது. இவை மூன்றும் பிரதான அறிக்கையோடு முரண்பட்டால் விளக்கம் கேட்க வேண்டும். மிகச் சிறிய கம்பெனிகளுக்கு இந்த இணைப்பு கட்டாயமில்லை, பங்காளி நிறுவனங்களுக்கும் கிடையாது.

மௌனத்துக்கு எவ்வளவு மதிப்பு?

பத்தியே இல்லாத அறிக்கை உத்தரவாதம் அல்ல. பிரிட்டனின் கேரிலியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2017 மார்ச்சில் கேபிஎம்ஜி மாற்றமில்லாத கருத்துக் கொடுத்தது. 2018 ஜனவரி 15 அன்று நிறுவனம் கலைப்புக்குப் போனது. எதிர்ப்புறமும் உண்டு. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பாக்கி வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, வோடஃபோன் ஐடியாவின் 2019-20 அறிக்கையில் இயங்குநிலை ஐயப் பத்தி வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்தது. நிறுவனம் தொடர்ந்து நடந்தது.

மௌனத்தின் மதிப்புக்கு ஒரு காலவரம்பும் உண்டு. இயக்குநர்களின் ஆய்வு பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட் தேதியிலிருந்து 12 மாதம் வரைதான் போகும். மார்ச் கணக்குக்குச் செப்டம்பரில் கையெழுத்தானால் அதில் ஆறு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. 60 மாதக் கடனில் ஆடிட்டர் பார்வை படும் பகுதி மீதி ஆறு மாதம்தான்.

எனவே பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாள் உண்டு. ஆலை தொடர்ந்து நடக்கும் என்று காட்ட, நலிந்த கம்பெனியின் இயக்குநர்கள் ஆடிட்டரிடம் பொதுவாக ஒரு பணவரவு மதிப்பீட்டைத் தருவார்கள். ஆடிட்டர் அதை நேரடியாகக் கடன் கொடுப்பவரிடம் தர மாட்டார். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை அவருக்கு உண்டு. கடன் கேட்பவரிடமே கேட்க வேண்டும். அதைக் கடன் விண்ணப்பத்தோடு வந்த மதிப்பீட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆடிட்டருக்குக் காட்டியதில் அடுத்த ஆண்டு விற்பனை 15 கோடி, நமக்குக் காட்டியதில் 22 கோடி என்றிருந்தால், எந்தப் பத்தியையும்விடத் தெளிவான எச்சரிக்கை அது. இரண்டும் ஒத்துப்போனால், மேலே பார்த்த தூண்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில் பொருள் இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால், எந்த எண்ணை நம்பிச் சோதிப்பது என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கடன் கேட்பவர்தான்.